ஒப்புநோக்கி சவுரிராயன்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே, சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய ஓர் அறையில், திருவாளர் சவுரிராயன் பல வருஷ காலம் கோபமாக இருந்தார். கோபத்துக்கு நடுவே டைப்பும் அடித்தார். வாசலில் தொங்கிய தகரப் பலகையில், ‘விண்ணப்பங்கள் டைப் செய்து, ஒப்பு நோக்கித் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. டைப் அடிக்க ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒப்பு நோக்க இவர் ஒருவர்தான். அதனால் ஊர் அவருக்கு ஒப்புநோக்கி என்றே பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலும் அவருக்குக் கோபம் வரும்.

ஒப்பு நோக்குவது என்றால் என்ன என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்வது கடமையாகிறது. வேலைக்கு மனுப் போடுகிறவன் இரண்டு காகிதம் கொடுக்க வேண்டும். ஒன்று கடிதம். ‘நான் இன்னான், இன்ன வேலை பார்த்தேன், தங்கள் பாதங்களில் விழுகிறேன்’ என்பது அதன் சாரம். இன்னொன்று அதோடு சேர்த்துத் தைக்கிற விவரக் குறிப்பு. பிறந்த தேதி, படிப்பு, பார்த்த உத்தியோகங்கள், எதிலிருந்து எதுவரை என்று வரிசை வரிசையாகக் கட்டம் போட்டது. கடிதத்தில் அழலாம், கெஞ்சலாம். ஆனால் கடிதத்தில் வருகிற ஒவ்வொரு தேதிக்கும், ஒவ்வொரு உத்தியோகப் பெயருக்கும், ஒவ்வொரு பெருமைக்கும் குறிப்பிலே ஒரு வரி இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் மேலே சர்ட்டிபிகேட் இருக்கிறது. அது சொல்வதுதான் முடிவு.

கடிதம் எழுதும்போது மனிதனுக்கு ஒரு வீரம் வந்துவிடும். கட்டம் போட்ட காகிதத்தில் அது வடிந்துவிடும். கடிதத்தில் ஓவர்சியராக இருந்தவன் குறிப்பில் மேஸ்திரியாக இறங்கியிருப்பான். கடிதத்தில் இருபத்து நாலு வயதுக்காரன் குறிப்பின்படி இன்னும் மீசை முளைக்காதவனாக இருப்பான். சவுரிராயன் பென்சிலோடு கடிதத்தில் இறங்குவார். அவருடைய மனைவி மதலேனம்மாள், மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் எழுத்துக் கற்றவள், அறைக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விவரக் குறிப்பை எடுத்துக்கொள்வாள். அவர் கடிதத்திலுள்ள தேதியைப் படிப்பார். அவள் குறிப்பிலுள்ளதைப் படிப்பாள். ஜெபமாலையில் ஒருவர் பாதி சொல்ல மற்றவர் பாதி சொல்வது மாதிரி அது போகும். பொருந்தினால் ஒரு டிக். பொருந்தாவிட்டால் ஜெபம் நின்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறபடி ஒரு சத்தம் கிளம்பும்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பனமலைப் பக்கத்துக் கூலிக்காரர் மகன். திண்டிவனத்தில் பாதிரிச் சாமியார் தயவில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யை ‘முடித்தார்’. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யை முடிப்பது வேறு, தேறுவது வேறு. ரயில்வே வேலைக்குப் போட்ட மனுவில், கடிதம் தேறியதாகவும் குறிப்பு முடித்ததாகவும் சொல்லின. அந்த ஆபீசில் இருந்த ஒரு கண்ணாடிக்காரர் இரண்டு காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்து, எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டினார். சவுரிராயன் வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கோபம் தன் மேல் அல்ல, அந்த ஆபீசர் மேலும் அல்ல. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு காகிதங்கள் மேல்.

பிறகு பாண்டிச்சேரி ஏலத்தில் ஒரு டைப் மிஷினை வாங்கினார். அது பிரெஞ்சு மிஷின். அதில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க்யூ’ இருந்தது. ஆரம்பத்தில் அவர் இரண்டு பேருக்கு டைப் கற்றுக்கொடுத்தார். அவர்கள் சர்க்கார் பரீட்சைக்குப் போய், இங்கிலீஷ் மிஷினில், ‘ஏ’ வர வேண்டிய இடமெல்லாம் ‘க்யூ’வாக அடித்துத் தள்ளிவிட்டு வந்தார்கள். அத்தோடு கற்றுக்கொடுக்கும் தொழில் நின்றது. விண்ணப்பத் தொழில் நிலைத்தது.

இனி 1942 நவம்பர் மாதக் கடைசிக்கு வருவோம். யுத்த காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு தாளைக் கிழித்து எறிவது கிட்டத்தட்டத் தேசத்துரோகம். சவுரிராயன் அந்தத் துரோகத்தைத் தினமும் செய்தார்.

திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முன்னே நடந்தவர் விருத்தாசலம், வக்கீல் குமாஸ்தா. வக்கீல் அவரைத் தம் டைப் மிஷினைத் தொட விடுவதில்லை. அந்த அவமானத்தை வெளியே சொல்லாமல், விழுப்புரத்தில் சொந்த அலுவல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் வந்தவள் அவருடைய தங்கை மகள் வீரம்மாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. திண்டிவனத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரம்மாவுக்கு உடம்பு முடியாமல் மலைப் பக்கம் போவதால், அந்த வருஷத்தோடு ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள். விழுப்புரத்தில் ஒரு கமிட்டியார் புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். அங்கே வார்டு அட்டெண்டர் வேலை ஒன்று. அது கிடைக்காவிட்டால் வீரம்மாளுக்கு மாமா வீட்டு அடுப்படிதான். மாமா வீட்டில் ஏழு பேர் சாப்பிடுகிறார்கள், சமைக்க ஆள் இல்லை என்பதையும் அவள் அறிவாள். இந்த விஷயத்தில் மாமாவுக்கு வெற்றியும் லாபம், தோல்வியும் லாபம்.

கமிட்டிக்குச் செயலாளர் ஓய்வு பெற்ற ஒரு டெபுடி தாசில்தார். அவர் விளம்பரத்தின் அடியிலேயே, கடிதமும் விவரக் குறிப்பும் முரண்பட்டால் மனு தள்ளப்படும் என்று அச்சடித்திருந்தார். இரண்டு நாளில் கெடு.

விருத்தாசலம் தாம் எழுதிய கடிதத்தை நீட்டினார். தம் வக்கீலே இப்படி எழுதமாட்டார் என்றும், இதை அப்படியே அடித்தால் போதும், பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். சவுரிராயன் பென்சிலைச் சீவினார். மதலேனம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“ஹெட் வார்டு அட்டெண்டர்,” என்று படித்தார் அவர்.

“வார்டு அட்டெண்டர்,” என்றாள் அவள்.

பென்சில் நின்றது. அந்த ‘ஹெட்’ எங்கிருந்து வந்தது என்று சவுரிராயன் விசாரித்தார். அட்டெண்டர்களில் வயதில் மூத்தவள் இவள்தான், ஆகவே தலைமை என்று குமாஸ்தா விளக்கம் தந்தார். அப்படியானால் ஆஸ்பத்திரி வாட்ச்மேனை ஹெட் டாக்டர் என்று போட்டுவிடலாமா என்று சவுரிராயன் கேட்டார். ‘ஹெட்’ வெட்டப்பட்டது.

அடுத்த வரியில், வீரம்மாள் நூற்றுக்கணக்கான பிரசவங்களைத் தானே தனியாகப் பார்த்ததாக இருந்தது. குறிப்பில் பிரசவங்களில் உதவி செய்ததாக மட்டும் இருந்தது. சவுரிராயன் அவளைப் பார்த்து, நீ தனியாகப் பார்த்தாயா என்று கேட்டார். டாக்டரம்மா பக்கத்தில் இருப்பார், நான் பிடித்துக்கொள்வேன் என்று அவள் சொன்னாள். ‘தனியாக’ வெட்டப்பட்டது. ‘நூற்றுக்கணக்கான’வும் அதோடு போனது. விருத்தாசலத்தின் காது சிவந்தது. ஒரு தாய் தன் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாக இழப்பதைப் போன்ற முகத்தோடு அவர் தம் கடிதத்தைப் பார்த்தார்.

அடுத்தது தேதி.

“அட்டெண்டராக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, ஜனவரி.”

“இருபது, ஒண்ணு, முப்பத்தெட்டு.”

தெருவில் போன மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சவுரிராயன் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்துகொண்டு கத்துவது அவருக்குப் போதாது. ஒரே ஆள், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வேலை, அதில் ஒரு முழு வருஷம் எங்கே போனது, ரயிலில் தவறவிட்டீரா என்று கேட்டார். குறிப்பு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்தது. கடிதத்துத் தேதி குமாஸ்தா கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், வீரம்மாளைக் கேட்டார். அவள் ஈசுவர வருஷம், தை மாசம், பொங்கல் கழிந்த மறுவாரம் என்றாள். ஈசுவர வருஷம் என்றால் முப்பத்தேழு. தை என்றால் ஜனவரி. ஆக, முப்பத்தேழு ஜனவரி. வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாகப் பத்திரங்களுக்குத் தேதி போட்ட கை இது என்று விருத்தாசலம் தம் வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கையால் எத்தனை பேருடைய நிலம் போனதோ என்று சவுரிராயன் வருத்தப்பட்டார்.

“ஈசுவர வருஷம் எப்போ பொறந்துச்சு?”

“சித்திரையில.”

“முப்பத்தேழு சித்திரையில. அப்புறம் வர்ற தை எந்த வருசத்து ஜனவரி? பின்னாடி நடந்துபோய் வருமா? முப்பத்தேழு ஜனவரியில தாது வருஷம்தான் ஓடிக்கினு இருந்தது, குமாஸ்தா. உங்க மருமக தாதுவுல உத்தியோகம் ஏறினாளா, ஈசுவரவுல ஏறினாளா?”

விருத்தாசலம் விரலை மடக்கிப் பார்த்தார். மறுபடி மடக்கிப் பார்த்தார். இருபது வருஷத்துத் தை மாதப் பத்திரங்கள் எல்லாம் அவர் கண் முன்னே ஓடியிருக்க வேண்டும். ஆனால் வக்கீல் ஆபீசில் பழகிய மனிதர், தோற்றதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கணக்கை விட்டுவிட்டு வேறு பக்கமாகத் திரும்பினார். சரி, இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே? குறிப்பிலும் முப்பத்தேழு என்றே அடித்துவிடுங்கள், ஒத்துப்போய்விடும் என்றார். அதற்கு ஒரு காரணமும் அவர் வைத்திருந்தார். விளம்பரத்தில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு ஜனவரியிலிருந்து எண்ணினால் ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைகிறது. முப்பத்தேழு என்றால் தாராளம்.

 சவுரிராயனுக்குக் கோபம் வந்தால் கத்துவார். அதற்கு மேல் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவர் கடிதத்தை மடித்து குமாஸ்தா பக்கம் தள்ளிவிட்டு, பொய்யோடு பொய்யை ஒத்துப் பார்க்கிற கடை இது இல்லை, சோடாக் கடைக்காரனிடம் கேளுங்கள் என்றார். ஐந்து வருஷம் இல்லையென்றால் மனுவே போட முடியாது, அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். உண்மையைச் சொல்லப்போனால், அந்த நிமிஷத்தில் வீரம்மாள் என்று ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருப்பதே அவர் ஞாபகத்தில் இல்லை. இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் டாக்டரம்மாவின் தேதியைக் காட்டி இந்த மனுஷன் மூக்கை உடைக்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. காகிதக் கட்டிலிருந்து, டாக்டரம்மா கொடுத்த சர்ட்டிபிகேட்டின் நகலை உருவினார். குமாஸ்தா தம் கையாலேயே எடுத்த நகல். முதல் வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

“மதலேன், இங்க வா. இதைப் படி.”

அவள் எழுத்துக் கூட்டினாள். “அண்ட்… ஷி… வாஸ்…”

“எந்த டாக்டரம்மாவாவது சர்ட்டிபிகேட்டை ‘அண்ட்’டுல ஆரம்பிப்பாங்களா? ‘அண்ட்’டுக்கு முன்னாடி என்னய்யா இருந்தது?”

விருத்தாசலம் சோடாக் கடையைப் பார்த்தார். அவ்வளவு கவனமாக ஒரு மனிதர் சோடாக் கடையைப் பார்த்ததை விழுப்புரம் அதற்கு முன் கண்டதில்லை.

வீரம்மாள்தான் வாயைத் திறந்தாள். “அதுக்கு முன்னாடி நான் ஆயாண்ணே. முப்பத்தஞ்சு ஆடியில சேர்ந்தேன். கம்பவுண்டரு அதையும்தான் எழுதிக் குடுத்தாரு. மாமா வேற தாளுல திருப்பி எழுதும்போது வுட்டுட்டாரு.”

விட்டுவிட்டார் என்பது மரியாதைக்குச் சொன்னது. வக்கீல் குமாஸ்தாவின் தங்கை மகள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்தாள் என்பது ஒரு காகிதத்திலும் ஏறக் கூடாது என்று அவர் தீர்மானித்திருந்தார். அதற்காகக் குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்தார். சர்ட்டிபிகேட்டின் முதல் பாதியை எடுத்தார். அதனால் குறைந்த காலத்தை, தெரிந்தோ தெரியாமலோ, ஈசுவர வருஷம் கொண்டு ஈடுகட்டினார். இவ்வளவு உழைப்பை அவர் தம் வக்கீலுக்குக் கூடச் செய்ததில்லை.

மதலேனம்மாள் விளம்பரத் தாளை எடுத்து விரலை ஓட்டினாள். “ஏங்க, அஞ்சு வருசம் அட்டெண்டரா இருக்கணும்னு எங்க போட்டிருக்கு? ஆஸ்பத்திரிப் பணின்னுதான இருக்கு. ஆயா வேலை பின்ன என்ன, கோர்ட்டுப் பணியா?”

சவுரிராயன் விளம்பரத்தைப் பிடுங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கு மனைவி மேல் கோபம் வந்தது, தாம் அதை முதலில் பார்க்காததால். ஆடி என்றால் ஜூலை. முப்பத்தைந்து ஜூலையிலிருந்து ஏழு வருஷத்துக்கு மேலேயே ஆகிறது. இரண்டு ஆள் மனுப் போடலாம் அந்த அனுபவத்தை வைத்து.

விருத்தாசலம் எழுந்தார். ஆயா என்ற சொல் அந்தக் காகிதத்தில் ஏறினால் தாம் அந்த மனுவைத் தொடமாட்டேன், தம் வீட்டுப் பெண் எங்கே வேலை பார்த்தாள் என்று கேட்டால் ஊரில் எந்த முகத்தோடு பதில் சொல்வது, நாளைக்கு வீட்டில் ஒரு கல்யாணம் காட்சி என்றால் யார் வருவார்கள் என்று அடுக்கினார். வேலை கிடைக்காவிட்டால் போகிறது, சோறு போட மாமன் இருக்கிறேன் என்றும் முடித்தார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீரம்மாள் கத்தவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் இருந்த கோபங்களில் அவளுடையதுதான் பெரியது. மற்ற இரண்டு கோபமும் அதன் முன்னால் சும்மா விளையாட்டு.

“ஆயான்னே போடுங்கண்ணே. ரெண்டரை வருசம் பீயும் ரத்தமும் வாரிக் கொட்டினேன். அப்போ இவரு வாசல்ல நின்னு மாசச் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கினு போவாரு. கொட்டினவ நானு. வெக்கம் மட்டும் இவருக்கா?”

 அவள் மடியிலிருந்து டாக்டரம்மாவின் அசல் சர்ட்டிபிகேட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மாமா நகல் எடுத்ததும் அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள்.

சவுரிராயன் புதுத் தாளைச் செருகினார். குறிப்பில் முதல் வரி: ஆயா, 22-7-1935 முதல் 19-1-1938 வரை. இரண்டாம் வரி: வார்டு அட்டெண்டர், 20-1-1938 முதல் இன்று வரை. கடிதத்திலும் அதே தேதி, அதே பெயர், ஒரு எழுத்துக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ‘பிரசவங்களில் உதவி’ என்று டாக்டரம்மா எழுதிய அதே சொல். பிறகு கடிதத்திலிருந்து குறிப்புக்கு ஒரு தடவை, குறிப்பிலிருந்து கடிதத்துக்கு ஒரு தடவை, இரண்டிலிருந்தும் சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு தடவை என்று புருஷனும் பெண்டாட்டியும் ஜெபம் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. அசலைப் பார்த்து அடித்த புது நகலில் அத்தாட்சிக் கையெழுத்து வாங்க சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வீரம்மாள் தானே போனாள். விருத்தாசலம் அடுத்த ரயிலில் தனியாகத் திரும்பினார்.

பேட்டி நாளில் செயலாளர், கோடு போடுகிற அடிக்கட்டை ஒன்றை மேஜை மேல் வைத்திருந்தாராம். கடிதத்தில் ஒரு வரியின் கீழே கட்டையை வைப்பாராம், குறிப்பில் அதைத் தேடுவாராம். ஒருத்தி கடிதத்தில் நர்ஸாகவும் குறிப்பில் நர்ஸ் வீட்டு வேலைக்காரியாகவும் இருந்தாள். இன்னொருத்தி பிறப்பதற்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீரம்மாளின் காகிதத்தில் கட்டை இறங்கிக்கொண்டே போய் அடியில் நின்றுவிட்டது. ஆயா என்று போட்டிருக்கிறாயே என்று மட்டும் கேட்டார். ஆமாங்க, ஆயாதாங்க என்று அவள் சொன்னாள். வேலை கிடைத்தது. திண்டிவனத்தில் விருத்தாசலம், தம் கடிதத்தின் பலத்தில்தான் கிடைத்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி முதல் தேதி காலையில் வேலையில் சேரப் போகும் வழியில், அவள் நியமன உத்தரவைச் சவுரிராயனிடம் காட்டிவிட்டுப் போக வந்தாள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் பென்சிலை எடுத்தார்.

தலைப்பில் ‘வார்டு அட்டெண்டர்’ என்று இருந்தது. மூன்றாவது வரியில் ‘மேற்படி வார்டு ஆயா’ என்று இருந்தது. சேர வேண்டிய தேதி 1-1-1942.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தக் காகிதப்படி அவள் போன வருஷமே வேலைக்கு வராதவள், நாளைக்கு எவனாவது கட்டை வைத்துப் பார்த்தால் என்ன கதி என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார். மதலேனம்மாள் வாசலில் நின்று, சேர விடுங்க முதல்ல, அப்புறம் சண்டை போடுங்க என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

செயலாளர் அந்த உத்தரவைத் தாமே, தம் சொந்தக் கையால் டைப் அடித்திருந்தார். ஆகவே அதில் தப்பு இருக்க முடியாது என்றார். சவுரிராயன் மேஜை மேலிருந்த அடிக்கட்டையை, அனுமதி கேட்காமல் எடுத்து, வருஷத்தின் கீழே வைத்தார். செயலாளர் பார்த்தார். வருஷப் பிறப்புக்கு முந்தின வாரத்தில் யார் கைக்கும் பழைய வருஷம்தான் ஓடும் என்றார். அதற்குப் பிறகு அவர் கோபமும் இவர் கோபமும் வராந்தாவைத் தாண்டி வெளியே கேட்டன. ஓய்வு பெற்ற டெபுடி தாசில்தாருக்கு யார் ஒப்பு நோக்கக் கற்றுக்கொடுப்பது என்பதில் ஆரம்பித்து, அட்டெண்டரா ஆயாவா, ஆயாவா அட்டெண்டரா என்று அது வளர்ந்தது.

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து நர்ஸம்மா வீரம்மாளைக் கூப்பிட்டாள். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள், வலி கண்டு. வீரம்மாள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செயலாளர் கடைசியில் பேனாவை எடுத்து, ‘ஆயா’வை அடித்து ‘அட்டெண்டர்’ என்று எழுதினார். நாற்பத்திரண்டை நாற்பத்து மூன்றாக்கினார். இரண்டு திருத்தத்தின் அருகிலும் சுருக்கொப்பம் போட்டுக் காகிதத்தைத் தூக்கி எறியாத குறையாகக் கொடுத்தார். வார்டுக்குள்ளிருந்து குழந்தை ஒன்று அழும் சத்தம் கேட்டது. சவுரிராயன் அதைக் கவனிக்கவில்லை. திருத்தத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது, என்றைக்குத் திருத்தியது என்ற தேதி இல்லையே என்று மறுபடி ஆரம்பித்தார்.